மங்கலாய் வந்த சூரியகாந்தித் தண்டு

செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. பிளஸ் ஒன் மாணவி ஒருத்திக்கு அம்மை போட்டிருந்தது. பள்ளிக்கு வர முடியாது. வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று, யாரும் உள்ளே போகவும் முடியாது. ரெக்கார்டு நோட்டில் தாவரத் தண்டுப் பாடத்தை மட்டும் நான் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது. "போட்டோ எடுத்து அனுப்பும்மா, வீட்டிலிருந்தே திருத்திக்கலாம்" என்று சொல்லியிருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு அவள் அம்மாவின் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் வந்தன. நான்கில் மூன்றை என்னால் படிக்க முடியவில்லை.

இப்படிப் படம் வந்தால் பல வருடங்களுக்கு முன்பு நான் எழுதிய பதில் இரண்டே சொல்: "தெளிவாக இல்லை." அதற்கு என்ன விளைவு என்று ஒரு பையன் எனக்குக் காட்டினான். அவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படத்தை அழித்து அழித்து மறுபடி வரைந்து, மறுநாள் காலை அதே குண்டு பல்பு வெளிச்சத்தில் அதே போனில் எடுத்து அனுப்பினான். புதுப் படமும் மங்கல்தான். பிறகு நோட்டை நேரில் கொண்டுவந்தபோது பார்த்தேன். தாள் அழிப்பானால் தேய்ந்து நார் நாராய் எழும்பியிருந்தது. அவன் முதலில் வரைந்த படத்தில் குறை எதுவும் இருந்திருக்காது என்பது அப்போதுதான் புரிந்தது. மங்கியது போட்டோ. தண்டனை பெற்றது படம்.

அன்றிலிருந்து, திருப்பி அனுப்பச் சொல்லும் குறிப்பை எழுதுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடித்துவிடுகிறேன். மங்கல் கேமராவில் இருக்கிறதா, கோட்டில் இருக்கிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதற்கு மறுபடி போட்டோ எடுத்தால் போதும், ஐந்து நிமிட வேலை. இரண்டாவதற்குத்தான் மறுபடி வரைய வேண்டும், அது ஒரு மணி நேரம். உடம்பு முழுக்கக் கொப்புளத்தோடு படுத்திருக்கும் பிள்ளையிடம் அந்த ஒரு மணி நேரத்தைத் தேவையில்லாமல் கேட்க எனக்கு உரிமை கிடையாது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. ரெக்கார்டு நோட்டில் வலப்பக்கம் கோடு போட்ட தாள். சோதனை எண், நாள், பக்க எண் என்று மேலே அச்சிட்டிருக்கும். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை எல்லாம் அங்கே பேனாவில் எழுதுவார்கள். இடப்பக்கம் வெள்ளைத் தாள், படத்துக்கு. போட்டோவில் அச்செழுத்து தெரிந்தால் முதலில் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். அச்செழுத்து கூர்மையாக இருந்து, பக்கத்திலுள்ள பென்சில் கோடு மட்டும் கலங்கலாக இருந்தால் கேமரா குற்றவாளி இல்லை. அச்செழுத்தும் சேர்ந்து கலங்கியிருந்தால் படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது, சொல்வதற்கு நமக்கு எதுவும் தெரியாது. வெள்ளைத் தாளில் அச்செழுத்து இல்லை. அங்கே ஸ்கேல் வைத்துப் போட்ட குறிப்புக் கோடுகள் அந்த வேலையைச் செய்யும். ஸ்கேல் கோடு ஒற்றைக் கோடாகத் தெரிந்து, செல்லின் சுவர் மட்டும் இரட்டைக் கோடாகத் தெரிகிறதென்றால், பிள்ளை ஓவியம் வரைவதுபோல் கோட்டின் மேல் கோடாகக் கீறியிருக்கிறாள் என்று பொருள்.

அன்று வந்த நான்கு படங்களையும் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதல் படம் வலப்பக்கம், எழுத்து. நன்றாக இருந்தது. அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

இரண்டாவது, சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டு, முழு வட்டமாக. இதைப் பிள்ளைகள் கிரவுண்ட் பிளான் என்பார்கள். செல்களை வரையாமல் எந்தத் திசு எங்கே இருக்கிறது என்று எல்லைகளை மட்டும் காட்டும் படம். இதில் எல்லாக் கோடுகளும், ஸ்கேல் கோடுகள் உட்பட, ஒரே திசையில் கொஞ்சம் இழுபட்டு இரட்டையாக இருந்தன. கை ஆடியிருக்கிறது. இரவில் டியூப்லைட் வெளிச்சம் கேமராவுக்குப் போதாது. அது கண்ணை அதிக நேரம் திறந்து வைத்துக்கொள்ளும். அந்த நேரத்துக்குள் கை ஒரு நூலிழை அசைந்தாலும் கோடு இரண்டாகிவிடும்.

மூன்றாவது படம்தான் முக்கியமானது. அதே தண்டில் ஒரு துண்டை மட்டும் பெரிதாக்கி, செல் செல்லாக வரைந்தது. இதில் விசித்திரமாக, பக்கத்தின் இடது ஓரம் பளிச்சென்று இருந்தது. வலது ஓரம் போகப் போகக் கலங்கி, தையல் பக்கத்தில் ஒன்றுமே தெரியவில்லை. காரணம் நோட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. ரெக்கார்டு கெட்டி அட்டை போட்டுத் தைத்த நோட்டு. விரித்து வைத்தால் நடுத் தையலை நோக்கித் தாள் வளைந்து உள்ளே இறங்கும். போன் ஒரு தூரத்துக்குத்தான் கூர்மை பார்க்கும், இறங்கிப்போன பகுதி அதன் பிடிக்கு வெளியே போய்விடும். போதாததற்கு அங்கே நிழலும் விழும். நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, பாகங்களின் பெயர்களைப் படத்துக்கு வலது பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுது என்று. இடப்பக்கத் தாளின் வலது ஓரம் எது? அந்தத் தையல்தான். ஆசிரியர் எதைப் படித்தாக வேண்டுமோ அதுவே ஒவ்வொரு முறையும் முதலில் மறைகிறது. இதைக் கவனிக்க எனக்குச் சில வருடங்கள் ஆயின.

பெயர்கள் மறைவதோடு இன்னொன்றும் போயிருந்தது. அதைச் சொல்ல இந்தப் படம் எதற்காக வரையப்படுகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சூரியகாந்தி இருவிதையிலைத் தாவரம், மக்காச்சோளம் ஒருவிதையிலைத் தாவரம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் தண்டுதான். பிளேடால் மெல்லியதாகச் சீவி, சாஃப்ரனின் சாயம் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே இருக்கும் ஏற்பாடு வேறு வேறு. நீரைக் கொண்டுபோகும் சைலமும் உணவைக் கொண்டுபோகும் ஃபுளோயமும் சேர்ந்த கட்டுகளுக்கு வாஸ்குலக் கற்றை என்று பெயர். சூரியகாந்தியில் அந்தக் கற்றைகள் ஒரு வளையமாக, வளையல் மணிகளைப்போல் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கற்றையிலும் உள்ளே சைலம், வெளியே ஃபுளோயம். இரண்டுக்கும் நடுவே சின்னச் செங்கல்களை அடுக்கியதுபோல் இரண்டு மூன்று வரிசைச் செல்கள். அதுதான் கேம்பியம். பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும் செல்கள் அவை. கேம்பியம் இருக்கும் கற்றையைத் திறந்த கற்றை என்பார்கள். மக்காச்சோளத்தில் கற்றைகள் வளையமாக நிற்காது, வாரி இறைத்ததுபோல் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். கேம்பியம் கிடையாது, அதனால் மூடிய கற்றை.

ஆக, மூன்றாவது படத்தில் நான் தேடுவது கேம்பியத்தை. நோட்டின் பக்கம் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் உயரம். அதில் பிள்ளைகள் வரையும் கேம்பியப் பட்டை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. முழுப் பக்கத்தையும் ஒரே போட்டோவாக எடுத்து, அதை வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பினால், அந்த இரண்டு மில்லிமீட்டர் ஒரு சாம்பல் நிறத் தீற்றலாகிவிடும். சைலமும் ஃபுளோயமும் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். சூரியகாந்தியின் திறந்த கற்றை, பார்வைக்கு மக்காச்சோளத்தின் மூடிய கற்றையாக மாறிவிடுகிறது. போட்டோவை நம்பித் திருத்தினால், சரியாக வரைந்த பிள்ளைக்கு "கேம்பியம் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதிவிடுவேன்.

இதே இடத்தில் இன்னொரு சங்கதி. சைலத்தில் சின்னக் குழாய்கள், பெரிய குழாய்கள் என்று இரண்டு உண்டு. முதலில் உருவான சின்னவை தண்டில் மையத்தைப் பார்த்து இருக்கும். வேரில் நேர்மாறு, சின்னவை வெளியே. வேர்ப் படத்தை முந்தின வாரம் வரைந்த பிள்ளைகள் தண்டிலும் பழக்கதோஷத்தில் சின்ன வட்டங்களை வெளியே போட்டுவிடுவார்கள். வருடத்துக்குப் பத்துப் பேராவது இந்தத் தவறைச் செய்கிறார்கள். அவள் செய்தாளா இல்லையா என்று அந்தப் போட்டோ எனக்குச் சொல்லவில்லை.

நான்காவது, மக்காச்சோளத் தண்டு. நட்டநடுவில் ஒரு வெள்ளைப் பந்து. பிளாஷ் போட்டு எடுத்திருக்கிறாள். பென்சில் கரி பளபளப்பான பொருள், நேராக வெளிச்சம் அடித்தால் கோடே கண்ணாடியாக மின்னித் தாளோடு கலந்துவிடும். ஆனால் பந்துக்கு வெளியே இருந்த பகுதி கூர்மையாகவே இருந்தது. அங்கே தெரிந்தது வரைதலில் உள்ள பிழைதான். கற்றைகள் எல்லாம் ஒரே அளவு, ஓரத்தை ஒட்டி வட்டமாக நின்றன. மக்காச்சோளத்தில் ஓரத்துக் கற்றைகள் சிறியவை, நெருக்கமானவை. உள்ளே போகப் போகப் பெரிதாகி, இடைவெளி விட்டு நிற்கும். அவள் சூரியகாந்தியை வரைந்த கையோடு இதையும் வரைந்திருக்கிறாள். இதை மட்டும் மறுபடி வரையத்தான் வேண்டும்.

இப்போது குறிப்பு எழுதலாம். யார் படிப்பார்கள் என்று யோசித்தேன். போன் அம்மாவுடையது. இரவு அப்பா கையிலும் இருக்கும். அதில் "படம் சரியில்லை" என்று ஒரு வரி வந்தால், அந்த வீட்டில் முதலில் கேட்கும் குரல் "என்னத்தைடி வரைஞ்சு வச்சிருக்கே?" என்பதாகத்தான் இருக்கும். வகுப்புக் குழுவில் போட்டால் அறுபது பிள்ளைகள் பார்ப்பார்கள். ஆகவே தனியாக, அவளுக்கென்று. "அனுப்பவும்" என்ற சொல்லை நான் தொடுவதில்லை, அது அறிவிப்புப் பலகையின் மொழி. "தெளிவாக இல்லை" என்பதும் குற்றச்சாட்டுபோல் காதில் விழும். "என்னால படிக்க முடியல" என்றால் குறை என் கண்ணுக்கும் போட்டோவுக்கும் நடுவில் போய் நின்றுகொள்கிறது. அதுதான் உண்மையும்கூட. நான் அனுப்பியது இது:

"வணக்கம்மா. உடம்பு எப்படி இருக்கு? நாலு போட்டோவும் வந்துச்சு. எழுத்துப் பக்கம் நல்லா இருக்கு, அதுல வேலை இல்ல. சூரியகாந்திப் படம் ரெண்டும் போட்டோ ஆடியிருக்கு, என்னால படிக்க முடியல. நீ வரைஞ்சதுல தப்புன்னு சொல்லல. அதைத் தொடாதே, அழிக்காதே. போட்டோ மட்டும் இன்னொரு தடவை எடு. பெரிதாக்கின படத்துல சைலத்துக்கும் ஃபுளோயத்துக்கும் நடுவுல கேம்பியம், வலது பக்கம் எழுதின பேர்கள், இது ரெண்டும் எனக்குத் தெரியணும். மக்காச்சோளத்துல மட்டும் ஒரு திருத்தம்: கற்றைகள் ஓரத்துல சின்னதா நெருக்கமா, உள்ளே பெருசா தள்ளித் தள்ளி வரணும். அதை மட்டும் மறுபடி வரைஞ்சிடு. அவசரம் இல்ல, வியாழக்கிழமைக்குள்ள வந்தா போதும். முடியலன்னா சொல்லு, நாள் தள்ளிக்கலாம்."

நீளமான குறிப்புதான். நான்கு பக்கத்துக்கும் எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவள் ஊகிக்க வேண்டியது எதுவுமில்லை. "அழிக்காதே" என்பது அதில் மிக அவசியமான சொல் என்று நினைக்கிறேன். மறுபடி அனுப்பு என்றாலே மறுபடி வரை என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். நாள் குறிப்பிட்டதும் காரணத்தோடுதான். நாள் இல்லாமல் விட்டால் "இன்னிக்கே" என்று அர்த்தமாகி, மறுபடி ராத்திரி டியூப்லைட்டில் வந்து நிற்கும்.

கூடவே எப்படி எடுப்பது என்று ஒரு குரல் பதிவும் அனுப்பினேன். எழுதினால் பாடமாகிவிடும், பேசினால் அவள் அம்மாவும் கேட்டுக்கொண்டே உதவுவாள். அதில் சொன்னது இவ்வளவுதான். காலையில் எட்டிலிருந்து பத்துக்குள், வாசலுக்கோ ஜன்னலுக்கோ பக்கத்தில், வெயில் நேராக விழாத இடத்தில் நோட்டைத் தரையில் வை. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரட்டும். உன் நிழலும் போன் நிழலும் தாளில் விழக்கூடாது. பிளாஷ் வேண்டாம். கேமராவின் கண்ணாடியை முந்தானையில் ஒரு தடவை துடை. சமையல் செய்த கை பட்ட போனில் எண்ணெய்ப் படலம் இருக்கும், அதுவே புகை மூட்டம் மாதிரி காட்டும். நோட்டில் எந்தப் பக்கத்து அட்டை தாழ்ந்திருக்கிறதோ அதற்கு அடியில் ஒரு புத்தகத்தை வைத்து இரண்டு பக்கத்தையும் சமமாக்கு, தையல் பக்கத்தை அம்மா ஸ்கேலால் அமுக்கிப் பிடிக்கட்டும். நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள். திரையில் படத்தின் மேல் ஒரு தடவை தொட்டு, கூர்மை வந்த பிறகு எடு. முழுப் பக்கம் ஒன்று, படம் மட்டும் நெருக்கமாக ஒன்று. ரொம்பவும் ஒட்டிப் போகாதே, ஒரு சாண் தூரமாவது வேண்டும்.

அனுப்பும் முறையையும் சொன்னேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். இணைக்கும் இடத்தில் Document என்று இருப்பதை அழுத்தி அதே படத்தைத் தேர்ந்தால் எடுத்த அளவிலேயே வரும். ஸ்கேன் செயலிகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு அவை பிடிக்கும், தாள் வெள்ளை வெளேரென்று வரும். அந்த வெள்ளைக்காகச் செயலி செய்வது, லேசான சாம்பல் எல்லாவற்றையும் துடைத்துவிடுவது. பேனா எழுத்துக்கு அது நல்லது. பென்சிலுக்கு நாசம். HB பென்சிலின் மெல்லிய செல் சுவர்கள் முதலில் காணாமல் போகும், அழுத்திப் போட்ட வெளி வட்டம் மட்டும் மிஞ்சும். அந்தச் செயலியில்தான் எடுக்க வேண்டும் என்றால் கறுப்பு வெள்ளையைத் தவிர்த்து வண்ணத்தில் எடுக்க வேண்டும்.

மக்காச்சோளத்தை மறுபடி வரைவதற்கும் இரண்டு வார்த்தை சொன்னேன். பக்கத்தைக் கிழிக்கக்கூடாது, ரெக்கார்டில் பக்க எண் இருக்கிறது, ஒரு தாள் குறைந்தாலும் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேட்பார். மெதுவாக அழித்து அதே தாளில் போடு. ஒவ்வொரு சுவரும் ஒரே இழுப்பில், ஒற்றைக் கோடாக. நிழல் தீட்டாதே. தீட்டிய இடம் போட்டோவில் கறுப்புத் திட்டாகும், நேரில் பார்த்தாலும் செல் தெரியாது. எந்தத் திசுவையாவது வேறுபடுத்திக் காட்ட வேண்டுமென்றால் சுவரைத் தடிமனாகப் போடு, நடுவை வெறுமையாக விடு. குறிப்புக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது, அம்புத் தலை வேண்டாம், கோட்டின் முனை அந்தத் திசுவைத் தொட வேண்டும். தொடாமல் பக்கத்தில் நின்றால் ஃபுளோயம் என்று எழுதியதைக் கற்றை உறை என்று நான் படித்துவிட முடியும்.

போட்டோவால் ஆகாத காரியமும் இருக்கிறது. எவ்வளவு நன்றாக எடுத்தாலும் அது திருத்துவதற்கு மட்டும்தான். கையெழுத்து நோட்டில்தான் விழ வேண்டும். சான்றிதழ்ப் பக்கத்தில் ஆசிரியரின் ஒப்பம் இல்லாமல் அந்த நோட்டு தேர்வு மேசைக்குப் போக முடியாது. கொப்புளம் காய்ந்து உதிர்ந்த பிறகு நோட்டைக் கொடுத்துவிட்டால் போதும் என்று அவள் அம்மாவிடம் தனியாகச் சொன்னேன்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு ஐந்து கோப்புகள் வந்தன. பெரிதாக்கிய சூரியகாந்திப் படத்தை முதலில் திறந்தேன். தையல் ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ ஸ்கேலை அமுக்கியிருந்தது. பெயர்கள் எல்லாம் தெரிந்தன. கேம்பியம் இருந்தது, மூன்று வரிசை, சின்னச் சின்னச் செங்கல்களாக. சைலத்தின் சின்ன வட்டங்கள் மையத்தைப் பார்த்து நின்றன. முதல் நாள் இரவே இவை இப்படித்தான் இருந்திருக்கின்றன. புறத்தோலுக்கு அடியிலிருந்த திசுவின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை மட்டும் குறித்தேன்.

மக்காச்சோளத்தின் கீழே அவள் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தாள். "மிஸ், ஸ்லைடில் பார்த்தப்போ கற்றைகள் எண்ண முடியாத அளவு இருந்துச்சு. நான் இருபத்திரண்டுதான் போட்டிருக்கேன். அது தப்பா?"

தப்பில்லை என்று பதில் போட்டேன். கிரவுண்ட் பிளானில் எண்ணிக்கை கணக்கில்லை, ஏற்பாடுதான் கணக்கு. ஆனால் பெரிதாக்கிய துண்டில் ஒரு கற்றையை வரையும்போது அதற்குள் இருக்கும் இரண்டு பெரிய குழாய்கள் இரண்டாகத்தான் இருக்க வேண்டும், அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்றும் சேர்த்து எழுதினேன். சிறிது நேரத்தில் இன்னொரு கோப்பு வந்தது. அந்த ஒரு கற்றை மட்டும், ஒரு சாண் தூரத்திலிருந்து.